77 எழுத்து இடைவெளியில் இரண்டு நோய்கள்

நம் 11-ஆவது குரோமோசோமில் பீட்டா குளோபின் என்றொரு மரபணு இருக்கிறது. நீளம் சுமார் 1,600 எழுத்துகள்தான். மரபணுக்களில் அது மிகச் சிறிய ரகம். அதன் தொடக்கத்துக்கு அருகில் ஓரிடத்தில் ‘ஏ’ இருக்க வேண்டிய இடத்தில் ‘டி’ வந்துவிட்டால், அது அரிவாள் செல் நோய்க்கான மாற்றம். அங்கிருந்து 77 எழுத்து தள்ளி ‘ஜி’ இருக்க வேண்டிய இடத்தில் ‘சி’ வந்துவிட்டால், அது பீட்டா தலசீமியாவுக்கான மாற்றம். இந்தியாவில் பீட்டா தலசீமியாவுக்குக் காரணமான மாற்றங்களில் மிக அதிகமாகக் காணப்படுவது இதுதான்.

மரபணு ஒன்று, மாறியதும் ஒவ்வோர் எழுத்துதான். தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்த மாற்றம் வந்து சேர்ந்தால்தான் பிள்ளைக்கு நோய் என்பதும் பொது. இரண்டிலும் குழந்தை வெளுத்துப்போய் நிற்கும். இருந்தும் உடலுக்குள் நடப்பவை வேறு வேறு. அரிவாள் செல் நோயில் பீட்டா சங்கிலி போதுமான அளவு உற்பத்தியாகிறது, ஆனால் தவறான சங்கிலி. தலசீமியாவில் உற்பத்தியாகிற சங்கிலி சரியானது, ஆனால் போதவில்லை. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால், ஒரு நோயில் ஏன் உயிர் போகும் வலி, இன்னொன்றில் ஏன் ஆயுள் முழுக்க ரத்தம் ஏற்றுவது, ஒன்றைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை இன்னொன்றை ஏன் கோட்டைவிடுகிறது என்பதெல்லாம் புரிந்துவிடும்.

முதலில் ஹீமோகுளோபினின் அமைப்பு. ஒவ்வொரு ஹீமோகுளோபின் மூலக்கூறிலும் நான்கு புரதச் சங்கிலிகள் இருக்கின்றன. பெரியவர்களிடம் அவை இரண்டு ஆல்பா, இரண்டு பீட்டா. ஆல்பாவை உற்பத்தி செய்யும் மரபணு 16-ஆவது குரோமோசோமில் இருக்கிறது, பீட்டாவினுடையது 11-இல். இரண்டும் வேறு வேறு இடத்தில் இருந்தாலும் உற்பத்தி ஏறக்குறைய சமமாக இருந்தாக வேண்டும். கருவில் இருக்கும் சிசுவுக்குப் பீட்டா குறைவாகவே இருக்கும். அதன் இடத்தில் காமா என்ற சங்கிலி ஆல்பாவோடு சேர்ந்திருக்கும். பிறந்த பிறகு காமா மெல்லக் குறைந்து பீட்டா அதன் இடத்தைப் பிடிக்கிறது. ஆறு மாதம் வாக்கில் பொறுப்பு பெரும்பாலும் கைமாறிவிடும். பீட்டாவில் கோளாறு உள்ள குழந்தைகள் பிறக்கும்போது நன்றாக இருந்து, ஆறு மாதத்துக்குப் பிறகு வாடத் தொடங்குவது இதனால்தான். ‘நல்லாத்தானே பொறந்துச்சு’ என்று தாய்மார்கள் சொல்வது முழு உண்மை.

இப்போது அரிவாள் செல்லுக்கு வருவோம். பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள் கோக்கப்பட்டிருக்கின்றன. ஆறாவது இடத்தில் குளுடாமிக் அமிலம் இருக்க வேண்டும். அந்த ஓர் எழுத்து மாறியதால் அங்கே வாலின் வந்து உட்கார்கிறது. குளுடாமிக் அமிலத்தில் எதிர்மின்னூட்டம் உண்டு, நீரோடு நன்றாக ஒத்துப்போகும். வாலின் எண்ணெய்த் தன்மை கொண்டது, நீரை விட்டு விலகப் பார்க்கும். இந்த இடம் புரதத்தின் உட்புறத்தில் இருந்திருந்தால் கதை வேறு மாதிரி ஆகியிருக்கும். ஆனால் அது வெளிப்பரப்பில் இருக்கிறது. ஆகவே மூலக்கூறின் மேல்தோலில் ஒட்டும் தன்மையுள்ள ஒரு புள்ளி உருவாகிவிடுகிறது.

ஒட்டுவதற்கு எதிரே ஒரு குழியும் வேண்டுமல்லவா? பீட்டா சங்கிலியிலேயே வேறொரு பக்கத்தில் எண்ணெய்த் தன்மையுள்ள சிறு குழி ஒன்று இருக்கிறது. ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமந்திருக்கும் வரை அந்தக் குழி வாகாக அமையாது. திசுக்களுக்குப் போய் ஆக்சிஜனை இறக்கியதும் மூலக்கூறின் வடிவம் சற்று மாறுகிறது, குழி திறக்கிறது, பக்கத்து மூலக்கூறின் வாலின் அதில் போய்ப் பொருந்துகிறது. அதோடு அடுத்தது, அதோடு இன்னொன்று என்று நீண்டு விறைப்பான இழைகள் உருவாகின்றன. அந்த இழைகள் உள்ளிருந்து நெம்பும்போது வட்டமான சிவப்பணு அரிவாள் வடிவத்துக்கு இழுபடுகிறது. நுரையீரலுக்குத் திரும்பி ஆக்சிஜன் ஏறினால் இழைகள் கரைந்து அணு பழைய வடிவத்துக்கு வரும். இப்படிப் பலமுறை நடந்த பிறகு சவ்வு பழுதாகி, வளைந்தது வளைந்தபடியே நின்றுவிடுகிறது. வழக்கமாக 120 நாள் வாழ வேண்டிய சிவப்பணு இங்கே 10, 20 நாளில் அழிந்துபோகிறது.

ரத்தசோகை அதனால் வருவது. வலி வருவது விறைத்த அணுக்கள் நுண் ரத்தக்குழாய்களை அடைத்துக்கொள்வதால். அடைபட்ட இடத்தில் எலும்போ, நெஞ்சோ, மண்ணீரலோ ஆக்சிஜன் இல்லாமல் திணறுகிறது. காய்ச்சல், உடலில் நீர் வற்றுவது, கடுங்குளிர் ஆகியவை வலியைக் கிளப்பிவிடுவதாக நோயாளிகள் சொல்வதற்கும் காரணம் உண்டு. நீர் குறைந்தால் அணுவுக்குள் ஹீமோகுளோபின் அடர்த்தி கூடுகிறது, அடர்த்தி கூடினால் இழை சீக்கிரம் உருவாகிறது. குளிரில் சுருங்கிய குழாயைக் கடக்க அணுவுக்கு அதிக நேரம் பிடிக்கிறது, இழை கட்டுவதற்கு அந்த நேரம் போதும்.

கோளாறு புரதத்தின் அமைப்பிலேயே இருக்கிறது என்று 1949-இல் காட்டியவர் லைனஸ் பாலிங்கும் அவர் குழுவினரும். நோயாளிகளின் ஹீமோகுளோபின் மின்புலத்தில் வேறு விதமாக நகர்ந்ததை அவர்கள் கண்டார்கள். சில ஆண்டுகள் கழித்து கேம்பிரிட்ஜில் வெர்னன் இங்க்ராம் அந்தப் புரதத்தைச் சிறு துண்டுகளாக வெட்டித் தாளில் பரப்பிப் பார்த்தார். ஒரே ஒரு துண்டு மட்டும் இடம் மாறி நின்றது. ஒரு பரம்பரை நோய் ஓர் அமினோ அமில மாற்றத்தால் வருகிறது என்று முதன்முதலாக நிறுவப்பட்டது அப்போதுதான். இந்தியாவில் அரிவாள் செல் இருப்பது வெளியுலகுக்குத் தெரிந்தது 1952-இல், நீலகிரி மலைவாழ் மக்களிடம் லேமனும் கட்பஷ்ஷும் செய்த ஆய்வில். ஆகவே இந்த நோயின் வரலாற்றில் நம் கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் இடம் இருக்கிறது.

தலசீமியாவில் நடப்பது வேறு. அந்த 77 எழுத்து தள்ளியிருக்கும் இடம், புரதத்தின் வரிசையைச் சொல்லும் பகுதியே இல்லை. மரபணுவின் நகலை செல் எடுத்த பிறகு, இடையிடையே வரும் வேண்டாத பகுதிகளை வெட்டி நீக்கிவிட்டுத் தேவையானவற்றை ஒட்டிக்கொள்கிறது. எங்கே வெட்ட வேண்டும் என்பதற்கு அடையாளமாகச் சில எழுத்துகள் உண்டு. பீட்டா மரபணுவின் முதல் இடைப்பகுதியில், தொடக்கத்திலிருந்து ஐந்தாவதாக நிற்கும் ‘ஜி’ அந்த அடையாளத்தைச் சேர்ந்தது. அது ‘சி’ ஆகிவிட்டால் வெட்டும் எந்திரத்துக்கு இடம் தட்டுப்படுவதில்லை. பக்கத்தில் அதேபோலத் தோன்றும் தவறான இடங்களில் வெட்டிவிடுகிறது. அப்படி வெட்டிய நகல்களிலிருந்து பயனுள்ள புரதம் கிடைக்காது. எப்போதாவது சரியான இடத்தில் வெட்டு விழுகிறது. அதிலிருந்து கிடைக்கும் பீட்டா சங்கிலி எந்தக் குறையும் இல்லாதது. ஆனால் அதன் அளவு மிகச் சொற்பம்.

பீட்டா தலசீமியாவுக்குக் காரணமான மாற்றங்கள் 200-க்கும் மேல். சில மாற்றங்களில் நகல் எடுப்பதே மந்தமாகிறது, சிலவற்றில் புரதம் பாதியில் நின்றுவிடுகிறது. அரிவாள் செல்லுக்கு ஒரே மாற்றமும் தலசீமியாவுக்கு நூற்றுக்கணக்கான மாற்றங்களும் இருப்பதில் வியப்பில்லை. ஒட்டும் புள்ளியை உருவாக்க ஒரு குறிப்பிட்ட பிழை நேர வேண்டும். உற்பத்தியைக் கெடுக்க எங்கே பிழை நேர்ந்தாலும் போதும்.

பீட்டா குறைந்தால் ஹீமோகுளோபின் குறையும், அதனால் சோகை வரும் என்று இத்தோடு விட்டுவிடுவதுதான் வழக்கம். உண்மையான சேதம் இன்னொரு பக்கம் இருக்கிறது. ஆல்பா மரபணுவுக்கு ஒரு குறையும் இல்லை, அது தன் பாட்டுக்கு உற்பத்தி செய்துகொண்டே இருக்கிறது. செருப்புத் தொழிற்சாலையில் இடது கால் செருப்பு வருவது நின்றுபோனால் வலது கால் செருப்பு மலைபோல் குவிவதைப் போல, ஜோடி கிடைக்காத ஆல்பா சங்கிலிகள் குவிகின்றன. அவை தனியே நிலைத்திருக்க இயலாதவை. எலும்பு மஜ்ஜையில் வளர்ந்துகொண்டிருக்கும் இளம் சிவப்பணுவுக்குள்ளேயே படிந்து, சவ்வைக் கிழித்து, அணு வெளியே வருமுன்பே அதைக் கொன்றுவிடுகின்றன. ரத்தம் போதவில்லை என்று உடல் மஜ்ஜையை மேலும் முடுக்கிவிடுகிறது. மஜ்ஜை பெருகப் பெருகச் சாவதும் பெருகுகிறது. மண்டையோடும் கன்ன எலும்பும் புடைத்துக்கொள்கின்றன, மண்ணீரல் வீங்குகிறது. ஆக, பீட்டா தலசீமியாவில் குறைந்திருப்பது பீட்டா, அணுவைக் கொல்வது மிஞ்சிய ஆல்பா.

இது வெறும் ஊகமா என்று கேட்டால், இயற்கையே செய்துகாட்டிய ஒரு சோதனை இருக்கிறது. பீட்டா தலசீமியா உள்ள சிலருக்கு ஆல்பா மரபணுவிலும் குறை இருப்பதுண்டு. இரண்டு குறைகள் சேர்ந்தால் நோய் இரட்டிப்பாகும் என்றுதானே தோன்றும்? ஆனால் அவர்களுக்கு நோய் பொதுவாகத் தணிந்திருக்கிறது. ஆல்பாவும் குறைந்ததால் மிச்சம் குறைந்து, அணுக்கள் பிழைத்துக்கொள்கின்றன. இதற்கு நேர்மாறாக, ஆல்பா மரபணு வழக்கத்தைவிடக் கூடுதலாக வாய்த்துவிட்டால் நோய் கடுமையாகிறது.

ஆல்பா குறைவதே தனி நோயாகவும் வரும். ஒவ்வொருவருக்கும் ஆல்பா மரபணு நான்கு. ஒவ்வொரு 16-ஆவது குரோமோசோமிலும் இரண்டு அருகருகே, ஏறக்குறைய ஒரே அச்சில் இருக்கின்றன. ஒன்றுபோல இருப்பதாலேயே கருவணு உருவாகும்போது இரண்டும் தவறாகப் பொருந்தி, ஒன்று மொத்தமாக விடுபட்டுவிடுகிறது. அதனால் ஆல்பா தலசீமியாவில் எழுத்து மாறுவதைவிட மரபணுவே காணாமல்போவதுதான் அதிகம். ஒன்றோ இரண்டோ இழந்தவர்கள் இயல்பாக வாழ்ந்துவிடுவார்கள். நான்கையும் இழந்த சிசுவுக்குக் கருவிலேயே ஆபத்து, ஏனென்றால் காமாவுக்கும் ஆல்பாதான் ஜோடி.

அமைப்பில் பிழை, அளவில் குறை என்ற இந்தப் பிரிவுக்குள் அடங்காத ஒன்றும் உண்டு. ஹீமோகுளோபின் ஈ என்பது வடகிழக்கு இந்தியா, வங்காளம், இலங்கை ஆகிய இடங்களில் காணப்படும் வகை. பீட்டா சங்கிலியின் 26-ஆவது அமினோ அமிலம் அதில் மாறுகிறது. அந்த ஒரே எழுத்து மாற்றம் வெட்டுமிடத்துக்கும் ஒரு தவறான அடையாளத்தைக் கொடுத்துவிடுவதால் உற்பத்தியும் குறைகிறது. இலங்கையின் குருநாகலில் உள்ள தலசீமியா மையத்துக்கு வருபவர்களில் பலர், ஒரு பெற்றோரிடமிருந்து ஈ-யும் மற்றவரிடமிருந்து பீட்டா தலசீமியாவும் பெற்றவர்கள்.

நடைமுறையில் இதையெல்லாம் எப்படிப் பிரித்தறிகிறார்கள்? ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். இது விளக்கத்துக்காக அமைத்த எடுத்துக்காட்டு. எண்கள் இத்தகைய குடும்பங்களில் வழக்கமாகக் காணப்படும் அளவை ஒட்டியவை.

கணவருக்கு ஊர் முகாமில் அரிவாள் செல் பரிசோதனை செய்தார்கள். கண்ணாடிக் குழாயில் உள்ள கரைசலில் ஒரு சொட்டு ரத்தம் விட்டு, குழாய்க்குப் பின்னால் கோடு போட்ட தாளைப் பிடித்துப் பார்ப்பார்கள். கரைசல் ஹீமோகுளோபினிலிருந்து ஆக்சிஜனைப் பறித்துவிடும். அரிவாள் ஹீமோகுளோபின் இருந்தால் அது கரையாமல் கலங்கும், கோடுகள் மறையும். கணவரின் குழாயில் கோடுகள் தெரியவில்லை. அவர் நோயாளி அல்லர், அந்த மரபணுவில் ஒரு பிரதியைச் சுமப்பவர். திருமணத்துக்கு முன் மனைவிக்கும் அதே பரிசோதனை நடந்தது. கோடுகள் பளிச்சென்று தெரிந்தன. ‘பொண்ணுக்கு ஒண்ணும் இல்லை’ என்று சொல்லிவிட்டார்கள்.

பிறந்த மகளுக்கு மூன்று வயதில் கை கால் வலியும் சோகையும். ஹீமோகுளோபின் 8 கிராம். குழாய்ப் பரிசோதனையில் கோடுகள் மறைந்தன. அப்படியானால் இரு பக்கத்திலிருந்தும் அரிவாள் மரபணு வந்திருக்க வேண்டும், தாய்க்குத்தான் இல்லையே என்று குடும்பத்தில் குழப்பம். இந்தக் குழப்பம் பல வீடுகளில் பெண்ணின் மேல் சந்தேகமாகவும் திரும்பிவிடுகிறது என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

மகளின் ரத்தத்தை ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் எந்திரத்தில் போட்டபோது எஸ் வகை, அதாவது அரிவாள் ஹீமோகுளோபின், 72 சதவீதம். சிசு வகையான எஃப் 19, ஏ2 வகை 5. இயல்பான ஏ வகை வெறும் 4. அண்மையில் அவளுக்கு ரத்தம் ஏற்றவில்லை. ஏற்றியிருந்தால் கொடையாளியின் ஏ வகை கலந்து முடிவைக் குழப்பியிருக்கும். இரு பெற்றோரும் எஸ் கொடுத்திருந்தால் ஏ சுத்தமாக இருக்கக் கூடாது. தந்தையிடமிருந்து மட்டும் எஸ் வந்து, தாயிடமிருந்து நல்ல பீட்டா மரபணு வந்திருந்தால் தந்தையைப் போலவே ஏ அதிகமாகவும் எஸ் 40 சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும். இரண்டும் இல்லை. தாயின் பக்கத்து மரபணு சரியான பீட்டாவைத்தான் கொடுக்கிறது, ஆனால் சொட்டுச் சொட்டாக. அந்த 4 சதவீதம் சொல்வது அதைத்தான். சிவப்பணுவின் சராசரி அளவு 66 என்று இருந்ததும் அதற்குச் சான்று. வெறும் அரிவாள் செல் நோயில் அந்த அளவு பெரும்பாலும் இயல்பாக, 80-க்கு மேல் இருக்கும். சங்கிலி போதாமல் அணு காலியாக இருந்தால்தான் சிறுக்கும்.

தாயைச் சோதித்தார்கள். அணுவின் அளவு 64, ஏ2 வகை 5.4 சதவீதம். ஏ2 என்பது பீட்டாவுக்குப் பதிலாக டெல்டா என்ற சங்கிலி சேர்ந்த சிறு வகை. பீட்டா குறையும்போது அதன் பங்கு கூடும், 3.5-க்கு மேல் போனால் தலசீமியா மரபணுவைச் சுமப்பவர் என்று கொள்வது வழக்கம். கர்ப்ப காலத்தில் ‘ரத்தம் கம்மி’ என்று அவருக்கு மாதக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருந்தார்கள். அவருடைய அணு சிறுத்ததற்குக் காரணம் இரும்புக் குறைவு அல்ல. இரும்பின் இருப்பைப் பார்க்காமல் மாத்திரையைத் தொடர்வதில் பயனில்லை. வேறொரு தாய்க்கு இரும்புக் குறையும் சேர்ந்தே இருக்கலாம். அப்போது ஏ2 தாழ்ந்து எல்லைக்கோட்டில் நின்று ஏமாற்றும். இரும்பைச் சரிசெய்துவிட்டு மறுபடி பார்க்க வேண்டியிருக்கும்.

முகாமில் செய்த பரிசோதனையில் தவறில்லை. ஹீமோகுளோபின் விபரீதமாக இருக்கிறதா என்ற கேள்விக்கு அது சரியாகவே பதில் சொன்னது. தாயிடம் இருந்தது விபரீதமில்லாத, அளவில் குறைந்த ஹீமோகுளோபின். அதைப் பிடிக்க இன்னொரு மலிவான குழாய் இருக்கிறது. 0.36 சதவீத உப்புக் கரைசலில் ரத்தத்தை விட்டால் இயல்பான சிவப்பணுக்கள் உப்பி வெடித்து நீர் தெளியும், கோடுகள் தெரியும். தலசீமியா மரபணு உள்ளவரின் அணுக்கள் பாதி காலியாக இருப்பதால் உப்ப இடம் இருக்கிறது, வெடிக்காமல் நின்று கலங்கலாகவே இருக்கும். இரும்புக் குறைவிலும் இது கலங்கும் என்பதால் முடிவை எந்திரத்தில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். அரிவாள் செல் ஒழிப்புக்கான தேசிய இயக்கம் 2023 ஜூலையில் தொடங்கியது முதல் மலைக்கிராமங்களில் பரிசோதனைகள் பெருகியிருக்கின்றன. கணவன் மனைவியில் ஒருவர் அரிவாள் மரபணு உள்ளவர் என்று தெரிந்தால், மற்றவருக்கு அதே குழாய் மட்டும் போதாது, ஏ2 அளவும் பார்த்தாக வேண்டும். இந்தத் தம்பதிக்கு ஒவ்வொரு பிரசவத்திலும் இதே நோயுள்ள குழந்தை பிறக்க நாலில் ஒரு வாய்ப்பு.

சிகிச்சையும் இந்த வேறுபாட்டின்படியே பிரிகிறது. கடுமையான பீட்டா தலசீமியாவில் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றுகிறார்கள். அது சோகையைப் போக்குவதோடு, பெருகித் தவிக்கும் மஜ்ஜையை அடக்கியும் வைக்கிறது. விலை, ஒவ்வொரு பையோடும் உள்ளே வரும் சுமார் 200 மில்லிகிராம் இரும்பு. உடலுக்கு அதை வெளியேற்ற வழி தெரியாது. இதயத்திலும் கல்லீரலிலும் படியாமல் இருக்க இரும்பை இழுத்துச் செல்லும் மருந்தை வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டும். அரிவாள் செல் நோயில் முதல் மருந்து ஹைட்ராக்சியூரியா. அது அடங்கிப்போன காமா உற்பத்தியை ஓரளவு எழுப்புகிறது. காமா சேர்ந்த ஹீமோகுளோபின் அந்த இழைகளில் சேராது, இழை நீள்வதைத் தடுக்கும். எடுத்துக்காட்டில் வந்த சிறுமிக்கு ஏற்கெனவே 19 சதவீதம் எஃப் இருந்தது அவளுக்குச் சற்று அனுகூலம்.

2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதித்த காஸ்ஜெவி என்ற மரபணுத் திருத்தச் சிகிச்சை ஒரே தயாரிப்பாக இரண்டு நோய்களுக்கும் வந்தது. அது பீட்டா மரபணுவைத் தொடுவதே இல்லை, அந்த 77 எழுத்து இடைவெளியில் எதையும் சரிசெய்வதில்லை. நோயாளியின் குருத்தணுக்களை எடுத்து, காமாவை அடக்கி வைக்கும் பிசிஎல்11ஏ என்ற மரபணுவின் ஆணையைச் சிவப்பணுக்களின் வளர்ச்சியில் மட்டும் முடக்கி, மறுபடி உடலுக்குள் செலுத்துகிறார்கள். அதற்கு முன் பழைய மஜ்ஜையைக் கடும் மருந்தால் அழிக்க வேண்டும், அது பிள்ளைப்பேற்றையும் பாதிக்கலாம். அமெரிக்காவில் விலை 22 லட்சம் டாலர். எழும்பிய காமா அரிவாள் நோயாளியிடம் இழை கட்டுவதைத் தடுக்கிறது, தலசீமியா நோயாளியிடம் ஜோடியில்லாத ஆல்பாக்களுக்கு ஜோடியாகிறது. இரண்டு நோயிலும் ஆல்பா முழுமையாக இருப்பதால்தான் இது நடக்கிறது. ஆல்பா தலசீமியாவில் காமாவை எவ்வளவு எழுப்பினாலும் சேர்ந்துகொள்ள ஆல்பா இருக்காது என்பதால் இந்தச் சிகிச்சை அவர்களுக்கு உதவாது.